கேப்ஷன்ல ‘வா’வா, ‘வாங்க’வா, ‘வாருங்கள்’ளா? மதுரை கடைக்காரங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

சுங்குடி சேலை கடை வச்சிருக்கோம்ங்க. காலேஜ் புள்ளைங்கள்ல இருந்து ரிட்டையர் ஆன டீச்சர் வரைக்கும் எங்க பேஜ பாக்குறாங்க. எல்லாருக்கும் சேத்து ஒரே கேப்ஷன்ல எப்படி கூப்புடுறது?

யாரையும் கூப்புடாதீங்க. வினைச்சொல்லு கடைசில ‘ங்க’ வந்தா போதும். வாங்க, பாருங்க, கேளுங்க, அம்புட்டுதான்.

நெறைய பேரு அக்காவா அம்மாவா மேடமான்னு கூப்புடுற வார்த்தையப் பத்தியே யோசிச்சு மண்டைய உடைச்சுக்கிறாங்க, ஆனா தமிழ்ல மரியாதை உக்காந்திருக்குறது அங்க இல்ல, வினையோட வால்ல. ‘அக்கா, கடைக்கு வா’ன்னு எழுதுனா அக்கான்னு ஒரு வார்த்தை இருந்தும் வீட்டுத் தம்பி கூப்புட்ட மாதிரிதான் இருக்கும். ‘கடைக்கு வாங்க’ன்னா அதுல ஒரு உறவு முறையும் இல்ல, ஆனாலும் பதினெட்டு வயசு புள்ளையும் கோவிச்சுக்காது, அறுபது வயசு டீச்சரும் கோவிச்சுக்க மாட்டாங்க.

டிடிபி கடைல உக்காந்து பத்திரிகையும் பிளக்ஸும் அடிச்ச காலத்துல இருந்து நான் மனசுல வச்சிருக்குறது நாலு படி. ‘வா’ அடிப்படி, வீட்டாளு, சோட்டுக்காரன், சின்னப்புள்ளைக்கு. ‘வாங்க’ அடுத்தது, பேசுற தமிழோட மரியாதை. ‘வாருங்கள்’ அதுக்கு மேல, புஸ்தகத் தமிழ். நாலாவது ‘வரவும்’, இது ஏணிலயே இல்லாம தள்ளி நிக்கும், ஏன்னா அதுல நீயும் இல்ல நீங்களும் இல்ல, ஆளே இல்ல, நோட்டீஸ் போர்டு பேசுற மாதிரி. கடை கேப்ஷனுக்கு வீடு ரெண்டாவது படி. அங்கதான் குடியிருக்கணும், மத்த மூணுக்கும் வேலை இருந்தா போயிட்டு வரலாம்.

ஒரு சின்ன வில்லங்கம் மட்டும் பாத்துக்கோங்க. எழுத்துல ‘வாங்க’ன்னா வர்றதும் அதுதான், காசு குடுத்து வாங்குறதும் அதுதான். ‘சேலை வாங்க வாங்க’ன்னு ஒரு ஸ்டேட்டஸ் பாத்தேன், படிக்க கொட்டு அடிக்கிற மாதிரி இருந்துச்சு. நம்ம ஊருல துணிய யாரு ‘வாங்குறா’, ‘எடுக்க’த்தானே போவோம், ‘சேலை எடுக்க வாங்க’ன்னு போட்டா முடிஞ்சுச்சு.

‘வாருங்கள்’னா மரியாதை கூடத்தானே? அதையே எல்லா இடத்துலயும் போட்டுட்டா யாரும் குத்தம் சொல்ல முடியாதுல்ல?

மரியாதை கூடும், அதோட தூரமும் கூடும். அதுதான் சிக்கல். தெனம் கடைக்கு வந்து போற ஆளு கிட்ட திடீர்னு ‘தங்கள் வருகைக்கு நன்றி’ன்னா, என்ன இன்னைக்கு வேத்தாளாக்கிட்டாங்கன்னு தோணும்.

ஆனா அந்தப் படி தேவைப்படுற எடம் இருக்கு. கடைய வேற தெருவுக்கு மாத்துறீங்க, விலை ஏறுது, ஓனர் வீட்டுல துக்கம், கடை லீவு. இதெல்லாம் சேதி, அரட்டை இல்ல. அங்க ‘எங்கள் கடை நாளை இயங்காது, சிரமத்திற்கு வருந்துகிறோம்’னு எழுதுறதுதான் அழகு. துக்கச் செய்தில ‘கடை லீவு மக்களே’ன்னு போட்டதையும் பாத்துருக்கேன், கண்ணு கூசுச்சு.

உண்மையான தப்பு ‘வாருங்கள்’ போடுறதுல இல்ல, ரெண்டு படிய கலக்குறதுல. ‘தாங்கள், தங்கள்’ளாம் கல்யாணப் பத்திரிகை சொல்லு, ‘தாங்கள் தங்கள் சுற்றமும் நட்பும் சூழ’ன்னு அது வந்தா கூடவே ‘வருகை தந்து’, ‘வேண்டுகிறோம்’னு அதோட ஜமாவும் வரணும். ‘தங்கள் ஆதரவுக்கு நன்றி, அடுத்த வாட்டியும் வந்துருங்க’ன்னா பட்டு வேட்டிக்கு ரப்பர் செருப்பு போட்ட மாதிரி. கண்டுபுடிக்கிறது ரொம்ப ஈசி, கேப்ஷன சத்தமா ஒரே மூச்சுல வாசிங்க, எந்த இடத்துல ஒங்க குரல் தன்னால மாறுதோ அங்க படி மாறிருக்கு.

வயசானவங்களுக்கு மட்டும் தனியா அனுப்புறீங்கன்னா ஒண்ணு கவனிங்க. அவுங்க எழுதுற தமிழ ‘ங்கள்’னு படிச்சு பழகுனவங்க, அவுங்களுக்கு ‘வாங்க’ உறுத்தாது, ஆனா ‘வந்துட்டு போங்க, பாத்துட்டு எடுத்துக்கோங்க’ன்னு பேச்சு வழக்கு அடுக்கடுக்கா வந்தா ‘யாரோ சின்னப்பய எழுதிருக்கான்’னு ஆயிரும். அவுங்களுக்கு கொச்சைய கொறைங்க, ‘ங்க’வ மட்டும் வச்சுக்கோங்க: ‘புது சேலைகள் வந்திருக்கு, வந்து பாருங்க.’

பொம்பளைங்கள அக்கான்னு சொல்றதா, அம்மான்னு சொல்றதா, ஆன்ட்டியா, மேடமா? போன மாசம் ஒரு கஸ்டமர் ‘நான் உங்களுக்கு அம்மாவா’ன்னு கேட்டுட்டாங்க.

எனக்கும் நடந்துருக்கு. நைட்டி கடைக்கு ஒரு தடவ ‘அம்மாக்களே, காட்டன் நைட்டி ஸ்டாக் வந்தாச்சு’ன்னு எழுதிக் குடுத்தேன், எனக்கு அது பாசமாத்தான் பட்டுச்சு, கீழ ஒருத்தவங்க ‘எனக்கு முப்பத்தி நாலுதான் ஆகுது, அதனால இது எனக்கு இல்ல போல’ன்னு போட்டுட்டு போயிட்டாங்க. கடைக்காரரு என்னைய ஒண்ணும் சொல்லல, ஆனா அதுக்கப்புறம் கேப்ஷன் குடுத்தா ரெண்டு தடவ வாசிச்சுட்டுத்தான் போடுறாரு.

ஏன் இப்படி ஆகுதுன்னா, கடை வாசல்ல ‘வாங்கம்மா வாங்க’ன்னு சொல்றப்ப அந்த ‘ம்மா’ அம்மா இல்ல. அது ஒரு ஒட்டு, மரியாதையோட வால்ல தொங்குற இன்னொரு வாலு, சின்னப் பொண்ணுக்கும் சொல்லலாம் கெழவிக்கும் சொல்லலாம். விளக்குத்தூண் பக்கம் துணிக்கடை வாசல்ல நிக்கிறவரு வாய்ல நாள் பூரா அதுதான், ஒருத்தரும் கோவிச்சுக்கிறது இல்ல. அதே வார்த்தை எழுத்துல தனியா முன்னால வந்து நின்னா ஒட்டா இருந்தது உறவா மாறிருது, ‘அம்மா’ன்னா வயசு, ‘என்னைய அம்மாங்கிறான்’ அப்புடின்னு. ‘ஆன்ட்டி’ இன்னும் மோசம், அதுல வயசு மட்டும்தான் இருக்கு, மரியாதையே இல்ல. ‘அம்மாக்களே, தாய்மார்களே’ன்னு பன்மையாக்குனா தேர்தலுக்கு மைக்கு கட்டி வர்ற ஆட்டோ ஞாபகம் வரும்.

முறை சொல்லியே ஆகணும்னா அக்கா. முப்பதுக்காரங்களும் ஏத்துக்குவாங்க, அம்பதுக்காரங்க சந்தோசமாவே ஏத்துக்குவாங்க. இருபது வயசு புள்ளைக்கு அக்கா உறுத்தும், அதுக்கு ‘சிஸ்’னு போடுறதெல்லாம் வேணாம், அங்க முறையே இல்லாம ‘ங்க’ போதும். ‘மேடம்’ தப்பில்ல, பேங்க் கவுண்டர் வாசம் அடிக்கும், கண்ணாடிக் கதவு போட்ட கடைக்கு ஒத்து வரும், மாசி வீதில பாய் விரிச்சு சேலை காட்டுற கடைக்கு வராது. ‘டீச்சர்’ மட்டும் தனி. ரிட்டையர் ஆகி இருபது வருசம் ஆனாலும் டீச்சர்னு கூப்புட்டா அவுங்க முகம் மலரும், ஆனா அது தனி மெசேஜுக்கு, பொது கேப்ஷனுக்கு இல்ல.

ஆம்பளைங்களுக்கு இம்புட்டு சிக்கல் இல்ல. அண்ணே, சார், பெரியவருக்கு அய்யா. ‘அண்ணா’ன்னு எழுதுனா கொஞ்சம் மெட்ராஸ் வாடை, நம்ம ஊரு காதுக்கு ‘அண்ணே’தான்.

நைட்டு பரோட்டா கடை, முக்காவாசி பசங்கதான் வர்றாய்ங்க. ‘வாடா மாப்ள’, ‘என்ன பங்காளி’ன்னு போட்டா கெத்தா இருக்கு. போடலாமா கூடாதா?

எங்க போடுறீங்கங்கிறதுல இருக்கு பதிலு. ஒரு நாள்ல மறையுற ஸ்டோரில, பசங்க இருக்குற ரீல்ஸ்ல ‘டா’ ஓடும், ஏன்னா அங்க கடை பேசல, வீடியோல இருக்குற பையன் இன்னொரு பையன் கிட்ட பேசுறான். மேப்ல கடை போட்டோவுக்கு கீழ, மெனு போர்டுல, ஆன்லைன் ஆர்டர்ல போடக் கூடாது. அங்க ஆர்டர் போடுறது ஒரு குடும்பத்தலைவியா இருக்கலாம், இன்ஸ்பெக்டரா இருக்கலாம். ‘டி’ எங்கயும் வேணாம், கடை வாய்ல இருந்து அது வரவே கூடாது.

மாப்ளைக்கும் பங்காளிக்கும் இன்னொரு விசயம் இருக்கு, வெளியூரு ஏஜென்சிக்காரங்க எழுதுனா இதுல கண்டிப்பா தப்பு பண்ணுவாங்க. நம்ம முறையெல்லாம் ரெண்டு பக்கமா பிரிஞ்சது. அண்ணன், தம்பி, அக்கா, தங்கச்சி, சித்தப்பா, பங்காளி இதெல்லாம் ஒரு பக்கம், ஒரே கூட்டத்துக்குள்ள, கல்யாணம் கட்ட முடியாத முறை. மாமா, மச்சான், மாப்ள, மதினி, கொழுந்தியா எல்லாம் எதிர்ப்பக்கம், பொண்ணு குடுத்து எடுக்குற முறை. எதிர்ப்பக்க முறைக்கு கேலி பண்ற உரிமை உண்டு. அதனாலதான் ‘மாப்ள’ன்னு சொன்ன உடனே ஒரு நக்கல் வந்து ஒட்டிக்குது, பசங்களுக்கு அது புடிக்குறதே அதுக்குத்தான்.

காலேஜ் பசங்களுக்குள்ள முறையெல்லாம் யாரும் பாக்குறது இல்ல, மாப்ளன்னா ஃபிரெண்டு. ஆனா உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கம் ஒரு அம்பது வயசு மனுசன முன்னப்பின்ன தெரியாம ‘வாங்க மாப்ள’ன்னா, எந்த முறைல எனக்கு மாப்ளன்னு கேக்க வாய்ப்பு இருக்கு. பொம்பளைங்கள ‘மதினி’ன்னு எழுதுறது அதவிட ஆபத்து, கேலி முறைய தெரியாத வீட்டுப் பொம்பளை மேல போட்ட மாதிரி ஆயிரும். ‘மாமா’வுக்கு வேற அர்த்தமும் ஊருல ஓடுது, அத கேப்ஷன்ல தொடவே வேணாம்.

அதனால பொதுவுல முறை சொல்லணும்னா ஒரே கூட்டத்து முறைலயே நில்லுங்க: அண்ணே, அக்கா, தம்பி. மாப்ள வேணும்னா அத பேச்சா மாத்துங்க. ‘“மாப்ள, இன்னொரு கறிதோசை சொல்லவா?” இந்தக் கேள்விக்கு வேணாம்னு சொன்ன ஆள இன்னும் பாக்கல. ராத்திரி ஒரு மணி வரைக்கும் கடை இருக்கும், வாங்க.’ மாப்ள மேற்கோளுக்குள்ள மாட்டிக்கிச்சு, அது கஸ்டமரு கஸ்டமர் கிட்ட சொன்னது. கடையோட வாய்ல இருந்து வந்தது ‘வாங்க’ மட்டும்தான்.

கஸ்டமர் போட்டோ போட்டு எழுதுறப்ப ‘அவர்’னு போடவா ‘அவங்க’ன்னு போடவா? ஒருத்தவங்க போட்டோவுக்கு ‘இந்த அக்கா நம்ம கடைல சேலை எடுத்துச்சு’ன்னு போட்டேன், அவங்க வீட்டுக்காரர் போன் பண்ணி சத்தம் போட்டுட்டாரு.

சத்தம் போட்டதுல ஒரு ஞாயம் இருக்கு, நீங்க எழுதுனதுலயும் கெட்ட எண்ணம் இல்ல. நம்ம பக்கம் ‘அக்கா வந்துச்சு’, ‘அம்மா சொல்லுச்சு’ங்கிறது பாசமான பேச்சு. சொந்த அக்காவ யாரு ‘வந்தார்கள்’ங்கிறா. ஆனா ‘ச்சு’ங்கிறது அஃறிணை வாலு, ஆடு வந்துச்சு மாடு வந்துச்சுங்கிற அதே வாலு. வாய்ல சொல்றப்ப கொரலு அந்தப் பாசத்த தூக்கிக்கிட்டு வருது. எழுத்துல கொரலு கெடையாது, வாலு மட்டும் தெரியும், அதுலயும் பாத்தவரு அந்தம்மாவோட வீட்டுக்காரரு. ரெண்டு வயசு பாப்பாவுக்கு மட்டும் ‘பாப்பா சிரிச்சுச்சு’ன்னு வச்சுக்கோங்க, மத்த யாருக்கும் எழுத்துல வேணாம்.

அவர், அவங்க விசயத்துல பேச்சும் எழுத்தும் வேற வேற வழில போகுது. புஸ்தகத் தமிழ்ல ‘அவர் வந்தார்’னா ஆணுக்கும் ஆகும் பொண்ணுக்கும் ஆகும். பேச்சுல ‘அவரு வந்தாரு’ன்னா அது ஆம்பளைதான், பொம்பளைக்கு மரியாதையா சொல்லணும்னா ‘அவங்க வந்தாங்க’. ஒங்க கேப்ஷன் பேச்சுத் தமிழ்ல ஓடுதுன்னா பொம்பளைங்களுக்கு அவங்க, ஆம்பளைங்களுக்கு அவரு, ரொம்ப பெரியவரா இருந்தா அவருக்கும் அவங்கதான். புஸ்தகத் தமிழ்ல எழுதுனா எல்லாருக்கும் அவர். பேச்சுத் தமிழுக்கு நடுவுல ‘இந்த மேடம் சேலை எடுத்தாரு’ன்னு வந்தா படிக்கிறவன் ஒரு நிமிசம் முழிப்பான்.

சின்ன வயசு பொண்ணுன்னாலும் ‘எடுத்தா’ன்னு போடாதீங்க. ஒங்களுக்கு அது தங்கச்சி வயசா இருக்கலாம், பாக்குற ஊருக்கு அப்புடி இல்ல. ‘எடுத்தாங்க.’ ஆங்…, போட்டோ போட முன்னாடி கேட்டுட்டு போடுங்க, அது இலக்கணம் இல்ல, ஆனா அந்த வீட்டுக்காரரு பாதி கோவம் அதுலதான் இருந்துருக்கும்.

வயசு தெரியல, ஆணா பொண்ணான்னும் தெரியல, டிபில பூ போட்டோதான் இருக்கு. வாட்ஸாப்ல எப்படி ஆரம்பிக்க?

இதுக்கு நம்ம பேச்சுலயே ஒரு ஒளிஞ்சுக்கிற எடம் இருக்கு. புதுசா கல்யாணம் ஆன வீட்டுல மாமனாரு மருமகன் கிட்ட நீன்னும் சொல்ல முடியாம நீங்கன்னும் சொல்ல முடியாம ‘சாப்டாச்சா?’ங்கிறாரு பாருங்க, அதேதான். ‘ஆச்சு’ல ஆளு இல்ல. ‘சேலை வந்து சேந்தாச்சா?’, ‘அளவு சரியா இருக்கா?’, ‘பணம் அனுப்பியாச்சா?’ இந்த மாதிரி கேள்வில நீயும் வராது நீங்களும் வராது. ‘பாக்கலாம், எடுக்கலாம், மாத்திக்கலாம்’னு ‘லாம்’ போட்டாலும் ஆளு மறைஞ்சிருவாரு. அவுங்க பதில்ல எப்படி பேசுறாங்கன்னு பாத்துட்டு அப்புறம் அக்காவோ அண்ணனோ வச்சுக்கலாம்.

அளவா பண்ணுங்க. நாலு வரியும் ‘ஆச்சா, ஆச்சா’ன்னு போனா விசாரணை மாதிரி ஆயிரும். மொத வரி ஆச்சு, ரெண்டாவது வரில ‘ங்க’வுக்கு வந்துருங்க.

ரெகுலர் கஸ்டமருக்கும் புது கஸ்டமருக்கும் ஒரே மெசேஜா அனுப்புறது? எங்க அம்மா காலத்துல இருந்து வர்றவங்க இருக்காங்க, அவங்கள நான் ‘அத்தை’ன்னுதான் கூப்புடுவேன்.

அவுங்களுக்கு தனி மெசேஜ்ல அத்தைன்னே போடுங்க, மாத்துனாத்தான் தப்பு. பிராட்காஸ்ட்ல போகக் கூடாது, அம்புட்டுதான். பிராட்காஸ்ட் லிஸ்ட்ல ஒரு லிஸ்டுக்கு 256 பேரு வரைக்கும் சேக்கலாம், ஒங்க நம்பர சேவ் பண்ணவங்களுக்குத்தான் அது போய்ச் சேரும், ஆனா வாங்குறவங்களுக்கு அது தனக்கு மட்டும் வந்த மெசேஜ் மாதிரிதான் தெரியும். வில்லங்கமே அதுதான். ‘அத்தை, புது ஸ்டாக் வந்துருக்கு’ன்னு முப்பது வயசு ஆம்பளைக்கும் போயிரும், தனக்குன்னே அனுப்புனதா நெனச்சு கொழம்புவாரு.

பிசினஸ் ஆப்ல லேபிள் இருக்குல்ல, அதுல ஆர்டர் நெலவரம் மட்டும் போடாம கூப்புடுற முறையையும் போட்டு வைங்க. மூணு லேபிள் போதும்: ‘முறை சொல்றவங்க’, ‘ங்க மட்டும்’, ‘புஸ்தகத் தமிழ்’. டாக்டரு, ஆபீசரு, ரிட்டையர் ஆன தமிழ் வாத்தியாரு மூணாவதுல. கடைல நீங்க இல்லாதப்ப தம்பி பதில் சொன்னாலும் லேபிள பாத்து அதே படில நிப்பாரு. நேத்து அக்கான்னுட்டு இன்னைக்கு மேடம்னா, என்ன கோவமோன்னு நெனச்சுக்குவாங்க. ஏறுறது எறங்குறது எல்லாத்துக்கும் அர்த்தம் வந்துரும், தமிழ் அப்புடி.

கொழந்தைங்க டிரஸ் விக்கிறோம். ‘நீ போட்டா ராஜா மாதிரி இருப்ப’ன்னு கேப்ஷன் போட்டா நல்லாருக்குமா?

போடுறது கொழந்தை, படிக்கிறது அம்மா. கொழந்தைய பாத்து பேசுற மாதிரி ஒரு வரி ‘நீ’ போட்டு கொஞ்சலாம், ஆனா விலை, அளவு, ஆர்டர் சொல்ற வரிக்கு வந்த உடனே அம்மா பக்கம் திரும்பி ‘ங்க’வுக்கு வரணும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு வரி எடம் விடுங்க. விடாம ‘நீ போட்டா ராஜா, சீக்கிரம் ஆர்டர் பண்ணு’ன்னா அந்த ‘பண்ணு’ அம்மா மேல விழுந்துரும். கண்ணாடி கடை, வேட்டி கடைக்கும் இதே கணக்குதான், தாத்தாவுக்கு எடுக்குறது பேரன். ‘தாத்தாக்களே’ன்னு எழுதாம ‘அப்பாவுக்கு, தாத்தாவுக்கு எடுக்குறீங்களா?’ன்னு எழுதுங்க.

‘நம்ம கடை’ன்னு எழுதணுமா ‘எங்க கடை’ன்னா?

கூப்புடுறப்ப நம்ம, பொறுப்பு ஏத்துக்குறப்ப எங்க. ‘நம்ம கடைக்கு வாங்க’ன்னா கஸ்டமரையும் சேத்துக்கிட்டீங்க. ‘நம்ம தப்புதான், சாயம் போயிருச்சு’ன்னா தப்புலயும் அவர சேத்துட்டீங்க, அங்க ‘எங்க தப்பு’தான். எழுத்துல ‘எங்க கடை’ன்னா எங்க இருக்குன்னு கேக்குற மாதிரியும் இருக்கும், அதுக்கு ‘எங்க கடைல’ன்னு உருபு சேத்துட்டா கொழப்பம் போயிரும்.

சித்திரைத் திருவிழாவுக்கு எழுதுன கேப்ஷன் இது, எல்லாரும் ‘என்னமோ மாதிரி இருக்கு’ங்கிறாங்க, எங்க தப்புன்னு யாருக்கும் சொல்லத் தெரியல: ‘அன்பார்ந்த வாடிக்கையாளர்களே! திருவிழா ஆஃபர் ஸ்டார்ட் ஆயிருச்சு டியர்ஸ்! மீனாட்சி கல்யாணத்துக்கு உன் அம்மாவுக்கு ஒரு சுங்குடி எடுத்துக் கொடு. மிஸ் பண்ணிடாதீங்க மக்களே. தங்கள் வருகையை எதிர்நோக்குகிறோம். முன்பதிவுக்கு அழைக்கவும்.’

வாங்க, பிரிச்சுப் பாத்துருவோம். மொதல்ல ஆளுங்கள எண்ணுங்க. வாடிக்கையாளர்களே, மேடைல நிக்கிறவரு. டியர்ஸ், யூடியூப்ல வர்ற பொண்ணு. ‘உன், கொடு’, கூடப் பொறந்தவன். ‘மிஸ் பண்ணிடாதீங்க மக்களே’, எஃப்எம் அறிவிப்பாளரு. தங்கள், பத்திரிகை. அழைக்கவும், நோட்டீஸ் போர்டு. ஆறு வாக்கியத்துல ஆறு பேரு பேசுறாங்க, படிக்கிறவரு ஆறு தடவ வேற ஆளா மாற வேண்டியிருக்கு. ‘என்னமோ மாதிரி’ங்கிறது அதுதான்.

அடுத்து, யாரு படிக்கிறா? சேலை கட்டப்போறது அம்மா. திருக்கல்யாணத்தன்னைக்கு பொம்பளைங்க தாலிக்கயிறு மாத்துவாங்க, நம்ம ஊருல அது வீட்டு விசேசம் மாதிரி, புதுச்சேலை கட்டிக்கிட்டு மாத்துறவங்க நெறையப் பேரு. ஒங்க பேஜ பாக்குறது அந்த அம்மாவோட மகனும் மகளும், இருபத்தி அஞ்சுல இருந்து நாப்பது வயசு. அப்ப பேச வேண்டியது அவுங்க கிட்ட, அம்மா கிட்ட இல்ல. அவுங்க வேத்தாளும் இல்ல கூடப் பொறந்தவங்களும் இல்ல, அதனால ‘ங்க’.

அப்புறம் கூப்புடுற வார்த்தை எல்லாத்தையும் அடிச்சுட்டு வினைய மட்டும் மாத்துங்க. மொத வரி கேள்வியா இருக்கட்டும், ஏன்னா மொத ரெண்டு வரிதான் ‘மோர்’ அமுக்காம தெரியும், அங்க வாடிக்கையாளர்களேன்னு எடத்த அடைச்சா சேதி உள்ள போயிருது.

‘மீனாட்சி கல்யாணத்துக்கு அம்மாவுக்கு சேலை எடுத்தாச்சா?
கையால முடிச்சுப் போட்டு சாயம் ஏத்துன சுங்குடி புதுசா வந்துருக்கு. அம்மாவுக்குப் புடிச்ச கலர சொல்லுங்க, போட்டோ அனுப்புறோம். கடைக்கு வந்தும் பாக்கலாம்.’

மொத வரி ‘ஆச்சு’, ஆளு இல்ல. ரெண்டாவது வெறும் சேதி. மூணாவதுலதான் ‘சொல்லுங்க’, கடைசில ‘லாம்’. படி ஒரு எடத்துலயும் எறங்கல. டீச்சரம்மா படிச்சாலும் சரி, அவுங்க பேத்தி படிச்சாலும் சரி.

காலேஜ் புள்ளைங்களுக்கு ஸ்டோரியா வேணும்னா அந்தப் புள்ளை வாயாலயே சொல்ல வைங்க: ‘“அம்மா, இந்த வருசம் ஒனக்கு நான்தான் சேலை எடுத்துத் தருவேன்.” மொத சம்பளம் வாங்குனவங்க கை தூக்குங்க.’ இங்க ‘ஒனக்கு’ மகள் அம்மாவ சொல்றது, அதுக்கு யாரும் கோவிச்சுக்க முடியாது. அம்மாக்களுக்கே, அதாவது பழைய கஸ்டமருக்கு தனியா அனுப்புறதுன்னா: ‘வணக்கம் டீச்சர். திருக்கல்யாணத்துக்கு நீங்க வழக்கமா கேட்கிற சிவப்புக் கரை சுங்குடி வந்திருக்கு. ரெண்டு எடுத்து வச்சிருக்கேன், வசதிப்படும்போது வந்து பாருங்க.’ இதுல கேட்கிற, வந்திருக்குன்னு எழுத்த கொஞ்சம் நேரா வச்சிருக்கேன் பாருங்க, ‘ங்க’ மட்டும் பேச்சு.

2005-ல புவிசார் குறியீடு வாங்குன சேலைன்னு சேத்துக்கணும்னா தனி போஸ்ட்டா போடுங்க. அது யாரையும் பாத்து பேசாத சேதி, புஸ்தகத் தமிழ்ல எழுதுனாலும் உறுத்தாது.

கமெண்ட்ல ஒருத்தர் ‘ஏமாத்துறியா நீ, காச திருப்பிக் குடு’ன்னு ஒருமைல போட்டுட்டாரு. பதிலுக்கு நானும் நீன்னு போடவா, இல்ல ரொம்ப மரியாதையா எழுதவா?

ரெண்டும் வேணாம். நீன்னு போட்டா சண்டை, அது எல்லாருக்கும் தெரியும். அதிக மரியாதை போட்டா அதவிட பெரிய சண்டை, இது நெறைய பேருக்கு தெரியல. தமிழ்ல நக்கலுக்கு நேர்வழியே மரியாதைதான். லேட்டா வந்தவன ‘வாங்க சார், இப்பத்தான் விடிஞ்சுச்சா’ங்கிறோம்ல. கோவத்துல இருக்குற மனுசன் கிட்ட ‘ஐயா, தாங்கள் தயவுகூர்ந்து’ன்னு ஆரம்பிச்சா அவரு காதுல அப்புடித்தான் விழும்.

வழக்கமா எந்தப் படில நிப்பீங்களோ அங்கயே நில்லுங்க, வரிய மட்டும் கொறைங்க. ‘வணக்கம்ங்க. சாயம் போனது எங்க தப்பு. பில் நம்பர அனுப்புங்க, சேலைய மாத்தித் தர்றோம், வேணாம்னா பணத்த திருப்பி அனுப்பிருவோம்.’ அண்ணே, சார் எதுவும் வேணாம், பேரு தெரிஞ்சாலும் பேரச் சொல்லாதீங்க, கோவத்துல பேரச் சொல்லி கூப்புட்டா வெரல நீட்டுன மாதிரி இருக்கும். அவரு மறுபடியும் நீன்னுதான் போடுவாரு. போடட்டும், அடுத்த பதிலும் அதே ‘ங்க’. பணம் போய்ச் சேந்த அப்புறம் அவரே ‘சரிங்க’ன்னு போட்டாருன்னா, அன்னைக்கு அவருக்கு ‘ங்க மட்டும்’ லேபிள மாட்டி விட்டுருங்க.